அந்தக் கடைசி ஏழு ஏன் இடிக்கிறது?

விபத்து நடந்த இடத்தில் எடுத்த படம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அதில் அதிக விலை பெறும் இடம் நம்பர் பிளேட்தான். மோதியது எந்த வண்டி என்பதைப் பொறுத்தே பணம் தருவது யார் என்பது முடிவாகிறது. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி தரும். காலாவதியாகியிருந்தால் பாரம் உரிமையாளர் தலையில் விழும். வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் கிடைக்கும், அவ்வளவுதான். தீர்ப்பாயம் வழக்கமாக விதிக்கும் தொகை இதைப் பல மடங்கு தாண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியின் இடத்தில் இன்சூரன்ஸ் உள்ள வண்டியை உட்கார வைக்கும் ஆசை பிறப்பது இந்த இடைவெளியில்தான். அதற்கு வண்டியையே மாற்ற வேண்டியதில்லை. படத்தில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும்.

இப்படிச் செய்கிறவர்களால் முதலில் அடிபடுவது கம்பெனிகள் அல்ல, உண்மையாகவே கை கால் இழந்தவர்கள். ஒரு மோசடி வெளிப்பட்டால் அதற்குப் பின் வரும் பத்து நேர்மையான மனுக்களையும் சந்தேகக் கண்ணோடுதான் புரட்டுவார்கள். அதனால் மாற்றிய எண்ணைக் கண்டுபிடிக்கத் தெரிவது எவ்வளவு முக்கியமோ, மாற்றாத எண்ணை மாற்றியது என்று சொல்லிவிடாமல் இருக்கத் தெரிவதும் அவ்வளவு முக்கியம்.

ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். சாலையோரம் நிற்கும் வெள்ளைக் கார். பின்புற பம்பர் நசுங்கியிருக்கிறது, நம்பர் பிளேட் தப்பியிருக்கிறது. படம் எடுத்தவர் நேர் பின்னால் நிற்காமல் இடதுபுறமாக ஒதுங்கி, சுமார் 2 மீட்டர் தள்ளி, 45 டிகிரி சாய்வில் நின்று எடுத்திருக்கிறார். பிளேட்டில் மாநில எழுத்து இரண்டு, மாவட்ட எண் இரண்டு, தொடர் எழுத்து இரண்டு, கடைசியில் நான்கு இலக்கம் என மொத்தம் பத்து எழுத்துகள். மாவட்ட எண்ணின் இரண்டாம் இலக்கம் 7. கடைசி நான்கு இலக்கம் 4187. உண்மையில் அந்தக் கார் 4181. படத்தில் யாரோ கடைசி 1ஐ 7 ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவருக்கு இது தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எழுத்தின் வடிவம். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியத் தகட்டில் அச்சு வைத்து அழுத்தி எழுத்துகளைப் புடைக்க வைக்கிறார்கள். எழுத்தின் மேல் ஒட்டும் கறுப்புப் படலத்தில் ‘இந்தியா’ என்ற ஆங்கிலச் சொல் 45 டிகிரி சாய்வாகத் திரும்பத் திரும்ப வரும். இடது மேல் மூலையில் அசோகச் சக்கரம் தெரியும் 20 மில்லிமீட்டர் ஹோலோகிராம், இடது கீழே லேசரால் பொறித்த பத்து இலக்க அடையாள எண். கார் போன்ற வண்டிகளில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10, இரண்டு எழுத்துக்கு நடுவில் 10 என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது.

ஒரே பிளேட்டில் ஒரு இலக்கம் இரண்டு முறை வந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. நம் படத்தில் அப்படி இரண்டு 7 இருக்கின்றன. இணையத்தில் ‘சரியான 7’ எப்படி இருக்கும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இந்த 7க்குப் பக்கத்துணை அதே பிளேட்டில் இருக்கிறது. மேல் கோடும் சாய்வுக் கோடும் சேரும் மூலை கூர்மையா வளைவா, சாய்வுக் கோடு நேராக இறங்குகிறதா லேசாக வளைகிறதா, அடியில் வெட்டு கிடைமட்டமா சரிவா, இவற்றை ஒப்பிட்டாலே போதும். கணினியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவிலிருந்து 7ஐத் தட்டிச் சேர்த்திருந்தால் இந்த மூன்று இடங்களில் ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளும்.

இடைவெளியும் பேசும். பெரும்பாலான அச்சுகளில் 1 ஒல்லியானது, 7 அகலமானது. 1க்கு விட்ட இடத்தில் 7 வந்து உட்கார்ந்தால் பக்கத்து 8ஐ நெருக்கும், அல்லது வலப்பக்கக் கரையை இடிக்கும். மற்ற எழுத்துகளுக்கு நடுவில் சீராக இருக்கும் சந்து கடைசியில் மட்டும் குறுகிப்போகும். அதை மறைக்க 7ஐ ஒல்லியாக்கினால் வடிவம் கெடும்.

இந்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. பழைய வண்டிகளில் பிளேட்டை எழுதியது தெருமுனை ஸ்டிக்கர் கடை. முன்னால் ஒரு எழுத்து வடிவம், பின்னால் வேறொன்று, உதிர்ந்துபோன ஓர் இலக்கத்தை மட்டும் வேறு கடையில் ஒட்டியது என்று எதுவும் நடக்கும். அப்படிப்பட்ட பிளேட்டில் எழுத்து ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து யார் மீதும் பழி சொல்லக் கூடாது.

அடுத்தது தூரக் கணக்கு. மோசடி செய்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கேமரா இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஆகவே பிளேட்டின் இடது முனை கிட்டே, வலது முனை தள்ளி. 500 மில்லிமீட்டர் நீளப் பிளேட்டில் மாவட்ட எண்ணின் 7க்கும் கடைசி 7க்கும் நடுவில் ஏறத்தாழ 260 மில்லிமீட்டர். 45 டிகிரி சாய்வில், கேமராவிலிருந்து அளந்தால் கடைசி எழுத்து சுமார் 18 சென்டிமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கும். 2 மீட்டரில் இது ஒன்பது விழுக்காடு. எனவே மாவட்ட 7 படத்தில் 100 பிக்ஸல் உயரம் என்றால், கடைசி இலக்கம் 91 பிக்ஸல்தான் இருக்க வேண்டும். மாவட்ட எண்ணிலிருந்து 7ஐ நகலெடுத்து அப்படியே கடைசியில் ஒட்டியவர் 100 பிக்ஸல் 7ஐ 91 பிக்ஸல் இடத்தில் வைத்துவிடுகிறார். எழுத்துகளின் தலையைத் தொட்டு ஒரு நேர்கோடு, அடியைத் தொட்டு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். தட்டையான பிளேட்டில் பத்து எழுத்தும் இந்த இரண்டு கோட்டுக்குள் அடங்க வேண்டும். கடைசி 7 மட்டும் மேலேயோ கீழேயோ பிதுங்கும். எங்கிருந்தோ தட்டிச் சேர்த்த 7 என்றால், மற்ற எழுத்துகளின் தலைக்கோடு சரிந்து ஓட, இதன் மேல் கோடு மட்டும் மட்டமாக நிற்கும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர் 7ஐ 91 பிக்ஸலுக்குச் சுருக்கி வைப்பார். கோடுகள் இப்போது ஒத்துப்போகும். ஆனால் அகலம் ஒத்துப்போகாது. சாய்ந்த பலகையில் எழுத்தின் உயரம் தூரத்துக்கு ஏற்பக் குறைகிறது, அகலமோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. தள்ளிப் போவதால் ஒரு முறையும் சாய்வு கூடுவதால் இன்னொரு முறையும் அது சுருங்குகிறது. நம் படத்தில் மாவட்ட 7இன் அகலம் 40 பிக்ஸல் என்றால் கடைசி இலக்கத்தின் அகலம் 33 பிக்ஸல் அளவில் இருக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கியவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 37. உயரம் சரி, அகலம் நாலு பிக்ஸல் கூடுதல். கண்ணுக்கு ‘ஏதோ இடிக்கிறது’ என்று மட்டும் தோன்றும். அளந்தால் எண்ணாக வந்து நிற்கும்.

இதை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் சாய்வைத் திருத்தும் கருவி இருக்கிறது. பிளேட்டின் நான்கு மூலைகளைப் பிடித்து இழுத்து, 1000க்கு 240 பிக்ஸல் செவ்வகத்தில் பொருத்த வேண்டும். பிளேட்டின் அளவு 500க்கு 120 மில்லிமீட்டர் என்பதால் இப்போது ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு பிக்ஸல். நேரே நின்று பார்ப்பதுபோல் பிளேட் நிமிர்ந்துவிடும். எழுத்து உயரம் எல்லாம் 130 பிக்ஸல், கோட்டுத் தடிமன் 20, சந்து 20 என்ற கணக்கை ஒட்டி வர வேண்டும். விதியின் எண்ணோடு அச்சாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சுருக்காமல் ஒட்டிய 7 இங்கே 142 பிக்ஸல் உயரத்தில் நிற்கும். சுருக்கி ஒட்டியது உயரத்தில் தப்பித்து, மாவட்ட 7ஐவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு தடித்து நிற்கும். படத்தில் அது எத்தனை பேரை ஏமாற்றியிருந்தாலும், நிமிர்த்திய பிளேட்டில் அண்ணனும் தம்பியும் அருகருகே நிற்கும்போது மறைக்க முடியாது.

விபத்தில் பிளேட் வளைந்திருந்தால் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது, ஏனென்றால் கணக்கு முழுவதும் தட்டையான பரப்பை நம்பியிருக்கிறது. ஆனால் வளைவே வேறொரு துப்பைத் தரும். தகடு மடிந்த இடத்தில் உள்ள எழுத்து அந்த மடிப்போடு சேர்ந்தே மடியும், அதன் புடைப்பின் ஓரத்தில் விழும் வெளிச்சமும் மாறும். பிளேட் நெளிந்திருக்க, அதன் மேல் ஓர் இலக்கம் மட்டும் நெளியாமல் நேராக இருந்தால் அது தகட்டில் இல்லை, படத்தில்தான் இருக்கிறது. அகலக் கோண லென்ஸில் படத்தின் ஓரங்கள் சற்று வளைந்து விழும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிளேட் படத்தின் மூலையில் இருந்தால் நேர்கோடு சற்றுப் பிசகுவது இயல்பு. அந்தப் பிசகு எல்லா எழுத்துக்கும் படிப்படியாக வரும், ஒன்றுக்கு மட்டும் வராது.

மூன்றாவது, ஒட்டிய விளிம்பு. இங்கே பார்க்க வேண்டியது 7ஐவிட அதைச் சுற்றியுள்ள வெள்ளை. 1ஐ மறைத்துவிட்டுத்தான் 7ஐ வைக்க முடியும். மறைத்த இடத்தில் தூசி, சேறு, கீறல், கேமராவின் இயல்பான மணல் போன்ற புள்ளிகள் எல்லாம் போய்விடும். 400 விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தால் 4, 1, 8 ஆகியவற்றைச் சுற்றி வெள்ளைப் பரப்பு பொரிபொரியாகவும், கடைசி 7ஐச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டாற்போல் வழவழப்பாகவும் தெரியும்.

இதன் மறுபக்கம் இன்னும் அழுத்தமான சான்று. இரண்டு 7உம் ஒரே அச்சில் பிறந்தவை என்பதால் வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றோம். ஆனால் அவற்றின் மேல் படிந்த அழுக்கு ஒன்றாக இருக்க முடியாது. மாவட்ட 7இன் சாய்வுக் கோட்டில் இருக்கும் சேற்றுப் புள்ளி, கடைசி 7இலும் அதே இடத்தில் அதே வடிவில் இருந்தால், அது நகல். வடிவத்தில் வேறுபட்டாலும் சந்தேகம், அழுக்கு வரை ஒன்றாக இருந்தாலும் சந்தேகம். முன்னதற்கு அப்பாவித்தனமான விளக்கம் சில நேரம் கிடைக்கும், பின்னதற்குக் கிடைப்பது மிக அரிது.

எழுத்தின் ஓரத்தையும் பாருங்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு நிறம் சட்டென்று மாறுவதில்லை, இரண்டு மூன்று பிக்ஸலில் சாம்பலாகக் கரைந்து மாறும். செல்போன் கேமராக்கள் படத்தைக் கூர்மையாக்குவதால் கறுப்பு எழுத்தைச் சுற்றி மெல்லிய வெளிர் வளையமும் விழும். இவை பிளேட் முழுவதும் ஒரே மாதிரி இருக்கும். சுருக்கி ஒட்டிய எழுத்தில் ஓரம் மற்றவற்றைவிட மொழுக்கென்றோ கத்தரித்ததுபோலவோ இருக்கும், வளையம் இல்லாமலோ இரட்டையாகவோ இருக்கும். வாடகை வண்டி, லாரியின் மஞ்சள் பிளேட்டில் இன்னொன்று: படத்தைச் சேமிக்கும் ஜேபெக் முறை நிறத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சுருக்குவதால், கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மஞ்சள் சற்றுக் கசிந்திருக்கும். அந்தக் கசிவு எல்லா எழுத்திலும் இருந்து ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அது பின்னால் வந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. படத்தை மறுபடி சுருக்கிச் சேமித்து, எந்த இடத்தில் வேறுபாடு அதிகம் என்று வெளிச்சமாகக் காட்டும் இணையக் கருவிகள் உண்டு. நம்பர் பிளேட் மின்னுகிறது, எனவே அது போலி என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். கறுப்பும் வெள்ளையும் கூர்மையாக மோதும் எந்த இடமும் அதில் மின்னும், நேர்மையான பிளேட்டும் மின்னும். பத்து எழுத்தில் ஒன்று மட்டும் மற்ற ஒன்பதிலிருந்து வேறுபட்டு மின்னுகிறதா என்பதுதான் கேள்வி. அதை விட்டுவிட்டு அந்தக் கருவியைச் சாட்சியாக்குவது ஆபத்து.

இதுவரை படத்தில் மாற்றியதைப் பேசினோம். படம் நேர்மையாக இருந்து, பிளேட்டே பொய் சொல்வதும் உண்டு. வண்டியை நகர்த்துவதற்கு முன்போ பின்போ 1க்கு மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டினால் 7 ஆகிவிடும். அதைப் படம் எடுத்தால் தூரக் கணக்கு பிசகாது, தூசிப் புள்ளி, ஓரக் கசிவு எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் அந்த டேப் உண்மையாகவே அங்கே இருந்தது. பிசகுவது எழுத்தின் வடிவம் மட்டும். டேப்புக்குப் புடைப்பு கிடையாது, அதனால் ஓரத்தில் நிழல் விழாது. அதன் மேல் சாய்வான ‘இந்தியா’ எழுத்தும் இருக்காது, பளபளப்பும் வேறு. ஆக வடிவம் தவறி, தூரக் கணக்கு சரியாக இருந்தால் கை வைத்தது பிளேட்டில். தூரக் கணக்கும் ஓரமும் சேர்ந்து தவறினால் கை வைத்தது படத்தில். விசாரிக்க வேண்டிய ஆளும் இடமும் அதற்கேற்ப மாறும் என்பதால் இந்த வேறுபாட்டை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் மூலப் படம் கையில் இருந்தால்தான். நம் கைக்கு வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பல கை மாறிய படம். வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தின் நீளப் பக்கத்தை 1600 பிக்ஸல் அளவுக்குக் குறைத்து, மறுபடி சுருக்கி, எடுத்த நேரம் முதலிய விவரங்களையும் நீக்கி அனுப்புகிறது. 4000 பிக்ஸல் படத்தில் 100 பிக்ஸலாக இருந்த 7 இப்போது 40 பிக்ஸல். நாம் நம்பியிருந்த நாலு பிக்ஸல் அகல வேறுபாடு ஒன்றரை ஆகிவிடும். தூசிப் புள்ளிகளும் ஓர வளையமும் சுருக்கத்தில் கரைந்துபோகும். இரவில் எடுத்த படமென்றால் செல்போனே பல படங்களைச் சேர்த்து மெழுகி ஒன்றாக்கியிருக்கும், எழுத்தோரங்களை நம்ப முடியாது. இந்த நிலையில் ‘மாற்றவில்லை’ என்றும் சொல்ல முடியாது, ‘மாற்றியது’ என்றும் சொல்ல முடியாது. படம் எடுத்தவரிடமிருந்து மூலக் கோப்பை, படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகும்போது இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு பிக்ஸல் மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆனால் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே மாற்றியிருந்தால் ஹேஷ் மதிப்பு அதைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்தைத் தாண்டிப் பார்க்கவும் வழி உண்டு. விபத்து இடத்தில் ஒருவர் மட்டும் படம் எடுப்பதில்லை. வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படம் கிடைத்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். எம்பரிவாகன் செயலியில் 4187 என்ற முழு எண்ணையும் போட்டால் அது எந்த வகை வண்டி, எந்த மாடல் என்று காட்டும். படத்தில் வெள்ளை ஹேட்ச்பேக் நிற்க, பதிவில் செடான் என்று வந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. போலீஸார் விபத்துப் படங்களை ஏற்றும் ஐராட் என்ற தேசியத் தரவுத்தளம் இருக்கிறது, அதை வடிவமைத்தது சென்னை ஐ.ஐ.டி. அதில் ஏறிய படத்தில் அந்த 7 எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து எழுதும் அறிக்கையில் சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இருக்கும். இரும்பில் அடித்த அந்த எண்களைப் படத்தில் மாற்றி ஒரு பயனும் இல்லை.

கடைசியாக, ஆட்சேபம் எழுதும் விதம். ‘படம் போலி’ என்று ஒரு வரி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் அதைத் தட்டிவிடுவார், பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் அநியாயமாகிவிடும். நம் மாதிரிப் படத்துக்கு இப்படி எழுதலாம்: பிளேட்டின் பத்தாவது எழுத்தான 7, அதே பிளேட்டின் நான்காவது எழுத்தான 7ஐவிட, சாய்வைத் திருத்தி அளந்தபோது ஏறத்தாழ பத்து விழுக்காடு அகலமாக உள்ளது; இரண்டிலும் சாய்வுக் கோட்டின் நடுவில் ஒரே வடிவப் புள்ளி காணப்படுகிறது; பத்தாவது எழுத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பரப்பில் மற்ற இடங்களில் உள்ள புள்ளிகள் இல்லை; மற்ற ஒன்பது எழுத்துகளில் இந்த வேறுபாடுகள் இல்லை; எனவே மூலக் கோப்பையும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையையும் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும். அதோடு நிமிர்த்திய பிளேட்டின் படத்தையும், அளந்த இடங்களில் கோடு போட்டு, இணைத்துக் கொடுக்க வேண்டும்.